வாடகை என் கணக்குக்கு வந்தது, வரி அவர் கணக்குக்குப் போனது



போன வாரம் ஒரு பழைய மாணவி போன் செய்தாள். அவளுடைய அப்பா தவறி எட்டு மாதம் ஆகிறது. ஊரில் ஒரு கட்டடத்தை ஒரு கம்பெனிக்கு வாடகைக்கு விட்டிருந்தார், இப்போது அந்த வாடகை அம்மாவுக்கு வருகிறது. "டீச்சர், வாடகையில் வரி பிடித்துத்தான் தருகிறார்கள். ஆனால் அம்மா பெயரில் பார்த்தால் ஒன்றுமே காணோம்" என்றாள். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணீரும் வந்தது. ஏனென்றால் 2024 ஜூன் மாதம் இதே இடத்தில்தான் நானும் முழித்துக்கொண்டு நின்றேன். போனில் முழுசாகச் சொல்ல முடியவில்லை. உங்களில் இன்னும் சிலருக்கும் உதவும் என்று இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீட்டின் கீழ்த்தளம் ஒரு மருந்துக்கடைக் கம்பெனிக்கு வாடகைக்குப் போயிருந்தது உங்களில் பலருக்குத் தெரியும். வாடகை மாதம் 45,000 ரூபாய், முதல் வாரத்திலேயே வந்துவிடும். கட்டட வாடகைக்குக் கம்பெனி 10 சதவீதம் வரி பிடிக்க வேண்டும் என்பது சட்டம். அதனால் 4,500 பிடித்துக்கொண்டு 40,500 அனுப்புவார்கள். அந்த 4,500 வீட்டுக்காரரின் பான் எண்ணில் அரசாங்கத்துக்குப் போகும். இதைத்தான் டி.டி.எஸ். என்கிறார்கள். நாம் பிறகு கட்ட வேண்டிய வரியில் அதைக் கழித்துக்கொள்ளலாம், அதிகமாக இருந்தால் திருப்பி வாங்கலாம்.

கட்டடம் அவர் பெயரில் இருந்தது. 2023 செப்டம்பர் கடைசியில் அவர் போய்விட்டார். உயிலில் கட்டடத்தை எனக்கு எழுதியிருந்தார். காரியமெல்லாம் முடிந்ததும் பெரியவன் கடை மேலாளரிடம் போய் இறப்புச் சான்றிதழின் நகலும், உயிலின் நகலும், என் வங்கிக் கணக்கு எண்ணும் கொடுத்துவிட்டு வந்தான். அக்டோபர் வாடகை ஒழுங்காக என் கணக்குக்கு வந்தது. எல்லாம் மாறிவிட்டது என்று நினைத்தேன். மாறியது வங்கிக் கணக்கு மட்டும்தான். சென்னையில் இருக்கும் அவர்கள் கணக்குப் பிரிவில் வீட்டுக்காரர் என்ற இடத்தில் அவர் பெயரும் அவர் பானும் அப்படியே இருந்தன. பணம் எந்தக் கணக்குக்குப் போகிறதோ அதுவே போதும் என்று நாங்கள் நினைத்தது தப்பு. வரித்துறையின் பதிவு வங்கிக் கணக்கைப் பார்த்து ஓடுவதில்லை, பான் எண்ணைப் பார்த்து ஓடுகிறது.

இது உடனே தெரியாததற்கும் காரணம் உண்டு. கம்பெனி வரியை மாதாமாதம் கட்டிவிடும். ஆனால் யாருக்காகக் கட்டினோம் என்று பெயர்வாரியாகச் சொல்வது மூன்று மாதத்துக்கு ஒரு முறை தாக்கல் செய்யும் 26கியூ என்ற அறிக்கையில்தான். அக்டோபர் முதல் டிசம்பர் வரைக்கான அறிக்கைக்குக் கெடு ஜனவரி 31. ஜனவரி முதல் மார்ச் வரைக்கானதற்கு மே 31. அந்த அறிக்கை ஏறிய பிறகுதான் நம் 26ஏஎஸ் என்ற தாளில் வரி தெரியும். நான் பிப்ரவரியில் ஒரு தடவை பார்த்திருந்தால் அப்போதே பிடித்திருப்பேன். ஜூனில் கணக்குத் தாக்கலுக்கு உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன். என் தாளில் ஓய்வூதியத்துக்கான வரி இருந்தது, வாடகைக்கு ஒரு வரிகூட இல்லை.

சட்டப்பூர்வ வாரிசு என்று வருமானவரித் தளத்தில் பதிவு செய்துவிட்டுத்தான் அவருடைய தாளைத் திறக்க முடிந்தது. அங்கே பன்னிரண்டு மாதமும் வரிசையாக இருந்தன. அவர் இல்லாத ஆறு மாதமும் சேர்த்து, வாடகை 5,40,000, வரி 54,000. அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு ரொம்ப நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

எங்கள் ஆடிட்டர் பொறுமைசாலி. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை வந்த 2,70,000 அவருடைய வருமானம், அதற்கு நான் வாரிசாக அவர் பெயரில் தனியாகக் கணக்கு போட வேண்டும் என்றார். அக்டோபர் முதல் மார்ச் வரை வந்த 2,70,000 என்னுடையது. அதற்கான 27,000 ரூபாய் வரி என் பானில் இருக்க வேண்டும். அது இல்லாமல் நான் கழித்தால் பதிவோடு பொருந்தவில்லை என்று வரித்துறை நிறுத்தும், அந்த 27,000-ஐக் கட்டச் சொல்லி எனக்கு நோட்டீஸ் வரலாம். அவர் கணக்கிலோ, தாளில் 5,40,000 இருக்க நாங்கள் பாதிதான் காட்டியிருக்கிறோம் என்று கேள்வி வரும்.

கம்பெனிக்குப் போன் செய்தால், "நாங்கள் பிடித்ததைக் கட்டிவிட்டோம், இனி எங்கள் கையில் இல்லை" என்றார்கள். அது சரியில்லை. அவர்கள் தாக்கல் செய்த அறிக்கையை அவர்கள்தான் திருத்த முடியும், நம்மால் முடியாது. வருமானம் வேறொருவருடையது என்றால் 37பிஏ விதிப்படி பான் யாருடையதாக இருந்ததோ அவர் தரப்பிலிருந்து ஒரு உறுதிமொழி கொடுக்க வேண்டும். அதில் வரி யாருக்குப் போக வேண்டுமோ அவருடைய பெயர், முகவரி, பான், காரணம் எல்லாம் இருக்க வேண்டும். வாரிசு என்ற முறையில் நான் கையெழுத்துப் போட்டேன். எந்த மாத வரி, எவ்வளவு என்று ஆறு மாதத்தையும் தனித்தனியாக எழுதி, இரண்டு காலாண்டு அறிக்கைகளையும் திருத்தித் தரக் கேட்டுப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் அனுப்பினேன். வாயால் சொன்னதற்கு அசையாதவர்கள் கடிதத்துக்கு அசைந்தார்கள்.

ஜூலை 31 கெடு. நான் 19-ஆம் தேதி வரை தினமும் திறந்து பார்த்தேன், கடைசியில் ஆறு வரிகளும் என் தாளில் வந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் F என்று இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார் ஆடிட்டர். வரி பிடித்ததும் கட்டியதும் பொருந்திவிட்டன என்று அர்த்தம். U என்றிருந்தால் பொருந்தவில்லை, விடாதீர்கள். அதற்கான 16ஏ சான்றிதழையும் புதிதாக வாங்கி வைத்துக்கொண்டேன்.

இன்னொரு தப்பையும் அப்போதுதான் ஆடிட்டர் பிடித்தார். என் நோட்டில் வாடகை 40,500 என்று எழுதியிருந்தேன், கைக்கு வந்தது அதுதானே! இத்தனை வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவள் நான். வருமானமாகக் காட்ட வேண்டியது 45,000. பிடித்த 4,500-உம் என் வருமானம்தான், அரசாங்கத்துக்கு முன்கூட்டியே போய்விட்டது, அவ்வளவுதான். இப்போது நோட்டில் மூன்று பத்தி போட்டிருக்கிறேன்: வாடகை, பிடித்தது, வந்தது.

2025 ஏப்ரலிலிருந்து மாத வாடகை 50,000-ஐத் தாண்டினால்தான் பிடிக்க வேண்டும் என்று மாற்றிவிட்டதால் எனக்கு இப்போது முழுசாகவே வருகிறது. வரி பிடிக்கவில்லை என்பதால் வரியே இல்லை என்று அர்த்தமில்லை, கணக்கில் காட்டியே ஆக வேண்டும்.

அந்த மாணவிக்கு நான் சொன்னது இவ்வளவுதான்: அப்பாவின் தாளை முதலில் திறந்து பார், அம்மாவின் பானைக் கம்பெனியின் கணக்குப் பிரிவுக்கே எழுத்தில் கொடு, கடை மேலாளரோடு நிறுத்தாதே. என் கடிதத்தின் நகல் பத்திரமாக இருக்கிறது. வேண்டுகிறவர்கள் உள்பெட்டியில் கேளுங்கள், பெயரையும் எண்களையும் மறைத்து அனுப்புகிறேன்.