ஒன்பது நிமிசம் பிந்தின கடிகாரம்

கோயில் திருவிழாவுக்கு வந்து நின்ற நோயாளர் காவு வண்டியின் தாள்களைத் துப்புரவாக எழுதித் தரச் சொல்லி எங்களைக் கேட்டார்கள். நாங்கள் மூன்று பேர், மூன்று பேருமே கலைப்பீடம். முதலுதவி வகுப்பு ஒன்றுக்குப் போயிருக்கிறோம், அவ்வளவுதான். 'உங்களுக்கு எழுத்து வரும்தானே' என்பதுதான் எங்களைத் தெரிவு செய்ததற்கான ஒரே காரணம்.

தாளின் மேல் பகுதியை மடித்து, பெயரும் விலாசமும் தெரியாமல் ஒட்டித் தந்தார்கள். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் வயது எழுபத்தொன்று, ஆண், மயக்கம் என்பவைதான். மிச்சமெல்லாம் ஓடுகிற வண்டிக்குள் முழங்காலில் வைத்து எழுதினது. இலக்கங்கள் சரிந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தன. ஓரத்தில் ஒரு துளி இரத்தம் காய்ந்திருந்தது. இதைப் பார்த்து நேரங்கள், உடலின் அளவுகள், கொடுத்த சிகிச்சை, வைத்தியசாலையில் ஒப்படைத்தது என்று நாலு பகுதியாகப் பிரித்து எழுத வேண்டும். ஒரு மணித்தியாலத்தில் முடித்துவிட்டோம். வடிவாகவும் இருந்தது.

அடுத்த நாள் பின்னேரம் அந்த வண்டியில் போன அண்ணை வந்தார். அரச வைத்தியசாலையொன்றில் தாதிய உத்தியோகத்தர், லீவு நாட்களில் இங்கே வருவார். எங்கள் தாளை வாசித்துவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி: "பதினொன்று பதினாறு எண்டு ஆர் சொன்னது?"

நாங்கள்தான் சொன்னோம். அவருடைய தாளில் இடத்துக்குப் போய்ச் சேர்ந்த நேரம் 11.06 என்று இருந்தது. ஆனால் அழைப்பு வந்தது 11.08 என்று தொலைபேசிப் பதிவுப் புத்தகத்தில் இருக்கிறது. அழைக்க முதலே போய்ச் சேர ஏலாதே. கை தவறி ஒன்றுக்குப் பதில் சைபர் போட்டுவிட்டார் என்று நினைத்து 11.16 என்று 'திருத்தி'விட்டோம்.

அண்ணை தன் கைக்கடிகாரத்தைக் கழற்றி, பதிவுப் புத்தகத்துக்கு நேரம் பார்க்கிற சுவர்க்கடிகாரத்துக்குப் பக்கத்தில் பிடித்தார். ஒன்பது நிமிசம் பிந்தியிருந்தது. அப்படியென்றால் 11.06 என்பது உண்மையில் 11.15. இதிலே எங்கள் ஊகம் ஒரு நிமிசம்தான் பிழை. ஆனால் அங்கிருந்து வெளிக்கிட்ட 11.32 என்பதும் அதே கைக்கடிகாரத்தில் பார்த்ததுதான், அதை நாங்கள் தொடவேயில்லை. அது 11.41 ஆக இருக்க வேண்டும். அவர்கள் அந்த ஐயாவோடு நின்றது 26 நிமிசம். எங்கள் வடிவான தாளில் அது 16 நிமிசமாகக் குறைந்து போயிருந்தது. ஒரு இலக்கத்தைத் திருத்தப்போய் பத்து நிமிசச் சிகிச்சையைத் துடைத்துவிட்டோம்.

பிறகு அவர் காட்டித் தந்த முறை இதுதான்: தாளில் உள்ள நேரத்தை அப்படியே எழுதுவது. பக்கத்தில் சுவர்க்கடிகார நேரத்தைத் தனியாக எழுதுவது. மேலே 'கைக்கடிகாரம் 9 நிமிடம் பின்' என்று ஒரு குறிப்பு. பழையதை அழிக்கவே கூடாது.

இரண்டாவது பிழை இன்னும் மோசம். 'ஓ2 96' என்று ஒரு கிறுக்கல் இருந்தது. நாங்கள் அதைச் சிகிச்சைப் பகுதியில் போட்டு, 'ஒட்சிசன் வழங்கப்பட்டது' என்று எழுதியிருந்தோம். அண்ணை சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. அது விரலில் மாட்டிப் பார்க்கிற ஒட்சிசன் அளவு, 96 வீதம். ஒட்சிசன் கொடுக்கவேயில்லை. "வெறும் காற்றிலை 96 எண்டா நல்லது. ஒட்சிசன் குடுத்தும் 96 எண்டா, டொக்டர் நெஞ்சைப் பற்றி வேறமாதிரி யோசிப்பார்." கொடுக்காத ஒரு சிகிச்சையை உருவாக்கி, நல்ல நெஞ்சுக்கு ஒரு சந்தேகத்தையும் கட்டிவிட்டிருந்தோம். அந்த வரியை 'ஒட்சிசன் அளவு 96 வீதம், அறைக்காற்றில்' என்று மாற்றி, அளவுகள் பகுதிக்குக் கொண்டுபோனோம்.

இனி சீனி. தாளில் இரண்டு இலக்கம் இருந்தது: 38, 112. முதலாவதுக்குப் பக்கத்தில் 11.10 என்று நேரம் உண்டு, சுவர்க்கடிகாரப்படி 11.19. இரத்தத்தில் 38 மில்லிகிராம் சீனி என்றால் ஆள் மயங்கித்தான் கிடப்பார். 11.23க்கு ஊசி ஏற்றி, பத்து வீத டெக்ஸ்றோஸ் 150 மில்லிலீற்றர் தொடங்கியிருக்கிறார்கள். அதாவது 15 கிராம் குளுக்கோஸ். 11.33க்கு ஐயா கண் திறந்திருக்கிறார். ஆனால் 112க்கு நேரமே இல்லை. நாங்கள் முதல் தாளில் அதையும் 38க்குப் பக்கத்திலேயே எழுதி வைத்திருந்தோம். வாசிக்கிற ஆளுக்கு எது முந்தி, எது மருந்துக்குப் பிந்தி என்று எப்படித் தெரியும்?

"வண்டி வெளிக்கிட்ட பிறகு பாத்த ஞாபகம்" என்றார் அண்ணை. ஞாபகத்தை நேரமாக எழுத ஏலாது. கடைசியில் குளுக்கோமீற்றரை எடுத்து அதன் நினைவகத்தைப் பார்த்தோம். அதன் கடிகாரமோ யாரும் சரிபார்க்காத ஒன்று, ஏதோ விடியப்புற நேரத்தைக் காட்டியது. ஆனால் இரண்டு அளவுகளுக்கும் இடையில் 24 நிமிசம் என்பது தெளிவாக இருந்தது. கடிகாரம் பிழையென்றாலும் இடைவெளி பிழைக்காது. 11.19ஓடு 24ஐக் கூட்டினால் 11.43, வண்டி வெளிக்கிட்டு இரண்டு நிமிசம். அண்ணையின் ஞாபகம் சரிதான். 'மீற்றர் இடைவெளியிலிருந்து கணித்தது' என்ற குறிப்போடு அதை எழுதினோம். டெக்ஸ்றோஸ் எத்தினை மணிக்கு முடிந்தது என்பதற்கு எந்தத் தடயமும் கிடைக்கவில்லை. அந்தக் கட்டத்தில் 'பதியப்படவில்லை'. வெறுமையாக விட்டால் செய்யவில்லையா, எழுதவில்லையா என்று தெரியாமல் போய்விடும். (சி.வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார் என்று படித்திருக்கிறோம். ஏட்டில் செல்லரித்த இடத்தைத் தன் சொல்லால் நிரப்ப வேண்டாம் என்று பாடவேறுபாடு பற்றிய வகுப்பில் குறிப்பெடுத்துக்கொண்ட அதே நாங்கள்தான் 11.16 என்று எழுதினோம்.)

ஒப்படைப்புப் பகுதிக்கு வந்தபோது அண்ணையின் முகம் மாறியது. நாங்கள் எழுதியிருந்தது ஒரு வரி: 'அவசர சிகிச்சைப் பிரிவில் ஒப்படைக்கப்பட்டது.' அவர் மூலத்தாளின் கீழ்மூலையைத் தொட்டார். வாசிக்க விளங்காமல் நாங்கள் விட்டுவிட்ட எழுத்து. 'கிளிப், காலமை, சாப்பாடில்லை.'

அந்த ஐயாவின் மகள் சொன்னது அது. சலரோகத்துக்குக் கிளிபென்கிளமைட் குளிசையைக் காலமை போட்டுவிட்டு, விரதம் என்று சாப்பிடாமல் கோயிலுக்கு வந்திருக்கிறார். இந்தக் குளிசை, சாப்பாடு இருக்கோ இல்லையோ, இன்சுலினைச் சுரக்க வைத்துக்கொண்டே இருக்கும். ஏற்றின 15 கிராம் குளுக்கோஸ் முடிந்த பிறகும் குளிசை உடம்பில் நிற்கும், வயதாகிச் சிறுநீரகம் மெலிந்தவர்களில் இன்னும் கனநேரம் நிற்கும். ஆகவே சீனி திரும்ப விழலாம். குளிசையைப் பற்றித் தெரியாத ஒருவர் 112ஐப் பார்த்தால், ஆள் எழும்பிக் கதைக்கிறார், வீட்டை போகலாம் என்று நினைக்கக்கூடும்.

"இதை வாயாலை சொன்னனோ எண்டு எனக்கே இப்ப நிச்சயமில்லை."

அங்கேயே நின்று வார்டுக்கு ஃபோன் எடுத்தார். நாங்கள் மூன்று பேரும் அவர் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம். இரவு சீனி 54க்கு இறங்கியிருக்கிறது. மகள் கிளினிக் கொப்பியைக் கொண்டு வந்து காட்டினபடியால் விடாமல் பார்த்துக்கொண்டிருந்து பிடித்துவிட்டார்கள். ஐயா சுகம். எங்கள் தாளுக்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை, எங்கள் தாள் அப்போது எழுதப்படவேயில்லை. ஆனாலும் அந்த ஒரு வரியைப் பார்க்க எங்களுக்கு வெட்கமாக இருந்தது.

திரும்ப எழுதினோம். 12.01க்கு ஒப்படைப்பு. சொன்னவை: சீனி 38, டெக்ஸ்றோஸுக்குப் பிறகு 112. குளிசையும் விரதமும்: மூலத்தாளில் உண்டு, வாய்மொழியாகச் சொன்னது உறுதியில்லை, அடுத்த நாள் தொலைபேசியில் வார்டுக்கு அறிவிக்கப்பட்டது. பெற்றுக்கொண்டவர் பெயர்: பதியப்படவில்லை. கீழே பிற்சேர்க்கை என்று திகதியும் நேரமும் போட்டு அண்ணை கையெழுத்து வைத்தார். முதல் தாளின் வடிவு இதில் இல்லை, எல்லா இடமும் குறிப்பு.

தேர்த்திருவிழா அன்று வந்த தாளின் மேற்பகுதியில், ஒட்டின இடத்துக்குக் கீழே, அண்ணையின் எழுத்து பெரிதாக இருந்தது: 'கைக்கடிகாரம் 9 நிமிசம் பின்.' கடிகாரத்தைத் திருத்திவிடலாமே அண்ணை என்று கேட்டோம்.

"மறந்துபோனன்" என்றார்.