அண்ணா செய்யக்கூடாத வேலை

போன வருஷம் ஆவணியில அண்ணா வட்சப்பில ஒரு படம் அனுப்பினவர். ஒரு 31ஆம் நாள் நினைவஞ்சலி. பூ வளையம், விளக்கு, நடுவில ஒரு ஐயாவின்ர படம். "கனடாவில இருக்கிற ஒராளுக்குச் செய்து குடுத்தனான். 20 டொலர் தந்தவை" எண்டு கீழே எழுதியிருந்தார். எனக்குப் புழுகம் தாங்கேல்லை. அம்மாவுக்கும் காட்டினன்.

அண்ணா சிங்கப்பூரில கட்டுமான வேலை. அதுக்கு முதல் ஐஞ்சு வருஷம் ஊரில ஒரு அச்சகத்தில டிசைன் செய்தவர். கலியாணக் கார்ட், பூப்புனித நீராட்டு விழா பனர், கண்ணீர் அஞ்சலி எல்லாம் அவற்ற கைதான். ஏஜென்சிக்குக் கட்டின கடனுக்காகத்தான் மவுஸை விட்டிட்டு சீமெந்துக்குப் போனவர். இப்ப டோர்மிட்டரியில இரவு ஒன்பது மணிக்குப் பிறகு, மேல் கட்டிலில படுத்துக்கொண்டு போனிலயே டிசைன் செய்யிறார் எண்டால், அது எங்களுக்கு நல்ல செய்தியாத்தானே இருக்கும்?

நான் அதோட நிற்கேல்லை. "அண்ணா, என்ர பேரில ஒரு ஃப்ரீலான்ஸ் தளத்தில கணக்குத் திறக்கிறன். வேலையை நீங்கள் செய்யுங்கோ, காசு என்ர வங்கிக்கு வரட்டும்" எண்டு ஐடியா குடுத்ததும் நான்தான். கலைப்பீடத்தில படிக்கிற எனக்கு அது பெரிய புத்திசாலித்தனமாத் தெரிஞ்சது.

கணக்குத் திறக்க முதல், ஏதோ ஒரு பயத்தில சிங்கப்பூர் மனிதவள அமைச்சின்ர இணையத்தளத்தில வேர்க் பெர்மிட் நிபந்தனைகளை வாசிச்சுப் பார்த்தன். அது நீளமான பட்டியல் இல்லை. பெர்மிட்டில இருக்கிற முதலாளிக்கு, அதில எழுதியிருக்கிற வேலையை மட்டும் செய்யலாம். வேறு எந்த வியாபாரத்திலயும் பங்குபற்றக்கூடாது, சொந்தமாத் தொடங்கவும் கூடாது. செல்லுபடியான அனுமதி இல்லாமல் வேலை செய்தால் 20,000 சிங்கப்பூர் டொலர் வரை தண்டம், அல்லது இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும். பெர்மிட்டை ரத்துச் செய்து, திரும்ப வேலைக்கு வர முடியாமலும் தடுக்கலாம்.

"வாடிக்கையாளர் கனடாவில, காசு இலங்கையில, இதில சிங்கப்பூர் எங்க வருது?" எண்டு அண்ணா கேட்டவர். நானும் முதல்ல அப்பிடித்தான் நினைச்சனான். ஆனால் காசு எங்க விழுது எண்டது இதில முக்கியமில்லை, வேலை செய்யிற ஆள் எந்த மண்ணில இருக்கிறார் எண்டதுதான் கணக்கு. அண்ணாவின்ர உடம்பும் போனும் சிங்கப்பூரில இருக்கேக்க, அந்த நினைவஞ்சலி சிங்கப்பூரில செய்த வேலைதான். காசு வாங்காமல் "சும்மா உதவி" எண்டு செய்தாலும் வாடிக்கையாளருக்குச் செய்தது செய்ததுதான்.

என்ர ஐடியா அதைவிட மோசம். சட்டப் பிரச்சினை அப்பிடியே இருக்க, இன்னொரு பிரச்சினையும் சேருது. ஃப்ரீலான்ஸ் தளங்கள் கணக்கை இன்னொருத்தரோட பகிர விடுறதில்லை. ஒரே கணக்கை காலமை யாழ்ப்பாணத்திலயும் இரவு சிங்கப்பூரிலயும் திறந்தால் அது அவங்களுக்குத் தெரியும். பிறகு அடையாள அட்டை கேட்பாங்கள், சில நேரம் கமரா முன்னால வரச் சொல்லுவாங்கள். கணக்கை முடக்கினால் அதுக்குள்ள கிடக்கிற காசும் மாட்டுப்படும்.

அண்ணாவுக்கு இதைச் சொன்னன். கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்லை. பிறகு, "அப்ப இஞ்ச நான் வெறும் சீமெந்து சுமக்கிறவன்தான், என்ன?" எண்டார். அதுக்கு என்னட்டப் பதில் இருக்கேல்லை. அடுத்த கிழமை கனடாக்காரர் இன்னொரு அஞ்சலி கேட்டவர். தன்னால ஏலாது எண்டு அண்ணாவே எழுதிப் போட்டார்.

பிறகுதான் யோசிச்சம். அண்ணாவின்ர பெர்மிட் அண்ணாவைத்தான் கட்டுது. நான் இலங்கையில இருக்கிறன், நான் வேலை செய்யலாம். எனக்கு டிசைன் தெரியாது, அவ்வளவுதான். ஆனால் அது தெரிஞ்ச ஒராள் எங்கட வீட்டில இருக்கிறார்.

அண்ணா ஒரு பழைய லப்டொப்புக்குக் காசு அனுப்பினவர். ஞாயிற்றுக்கிழமைகளில வீடியோ கோலில படிப்பிக்கத் தொடங்கினார். ஒரு கோட்டையும் கீறினம். வாடிக்கையாளரோட அவர் கதைக்கிறதில்லை, அவையின்ர ஃபைலைத் தொடுறதில்லை, வாற காசில ஒரு சதமும் எடுக்கிறதில்லை. ஒரு அண்ணன் தங்கச்சிக்குத் தொழில் பழக்கிறார், அதோட சரி. பாடத்துக்குக்கூட நாங்களே கற்பனையில எழுதின பேர்கள்தான்.

முதல் பாடமே பாமினி. வாடிக்கையாளர் விபரத்தை வட்சப்பில யூனிகோடில அனுப்புவார். டிசைனுக்கான வடிவான எழுத்துருக்கள் கனக்க பாமினி முறையில இருக்கும். மாற்றி ஒட்டேக்க சில எழுத்துகள் குழம்பும். "ஸ்ரீ" வாற பேர்களை இரண்டு தரம் பார்க்கச் சொன்னவர். "கலியாணக் கார்டில பிழை விட்டால் ஏசுவினம். செத்தவரின்ர பேரில பிழை விட்டால் மன்னிக்க மாட்டினம்." அதனால முழுப் பேரையும் திகதியையும் திருப்பி எழுதி அனுப்பி, "சரி" எண்டு பதில் வந்த பிறகுதான் கடைசி ஃபைலைக் குடுக்கிறன்.

ஆறு மாதம் போட்டுது. மாதத்துக்கு நாலோ ஐஞ்சோ வேலை எனக்கு வருது. வெளிநாட்டுக் காசு வங்கியூடாக என்ர பேரிலதான் வருது, கணக்கை ஒரு கொப்பியில எழுதி வைக்கிறன். வருஷத்துக்கு 18 இலட்சம் ரூபா வரைக்கும் வருமான வரி இல்லை. அந்த எல்லைக்கு நான் இன்னும் கனதூரம்.

அண்ணா அனுப்புற காசிலயும் ஒரு கசிவைக் கண்டுபிடிச்சம். முந்தி கிழமைக்கு நூறு டொலராக, கட்டணம் வாங்கிற கடையில அனுப்பினவர். கணக்கை இப்பிடிப் பாருங்கோ. ஒரு கடை கட்டணம் எடுக்காமல் டொலருக்கு 226 ரூபா தருது எண்டு வைப்பம். மற்றது 5 டொலர் கட்டணம் எடுத்து 230 தருது. 100 டொலர் அனுப்பினால் முதலாவதில 22,600 வரும், இரண்டாவதில 21,850. அதே 500 டொலரை ஒரேயடியா அனுப்பினால் முதலாவதில 113,000, இரண்டாவதில 113,850. அதால "கட்டணம் இல்லை" எண்ட போர்டையும் ரேட்டையும் தனித்தனியாப் பார்க்கக்கூடாது. கடைசியில அம்மாவின்ர கையில எத்தினை ரூபா எண்டு மட்டும் கேட்கவேணும். இப்ப மாதத்துக்கு ஒருக்கா, உரிமம் உள்ள இடத்தில, அண்டைக்குக் கூடத் தாற கடையாப் பார்த்து அனுப்புறார். உண்டியல்காரர் கூடத் தந்தாலும் வேண்டாம் எண்டு விட்டம். அதில காசு துலைஞ்சால் முறையிட இடமில்லை.

நான் கொஞ்சம் உழைக்கிறதால அண்ணா மாதம் நூறு டொலர் குறைச்சு அனுப்புறார். அது அவற்ற பேரிலயே சேருது. ஊருக்கு வந்து ஒரு நல்ல கொம்பியூட்டரும் பிரிண்டரும் வாங்க எண்டு சொல்லியிருக்கிறார். ஞாயிறுகளில தனக்கெண்டு டிசைன் செய்து, ஆருக்கும் குடுக்காமல், விற்காமல் ஒரு ஃபோல்டரில போட்டு வைக்கிறார். இப்ப அதில 43 படம் இருக்கு.

உங்கட வீட்டிலயும் வெளிநாட்டில ஆரும் இருந்தால், என்னைப்போல ஐடியா குடுக்க முதல் அவையின்ர பெர்மிட் நிபந்தனைகளைக் கேட்டு வாங்கி வாசியுங்கோ. நாட்டுக்கு நாடு அது மாறும், விசாவுக்கு விசாவும் மாறும். சிங்கப்பூரில வேர்க் பெர்மிட் எண்டால், ஐ.பி.ஏ. கடிதத்தில முதலாளியின்ர பேரும் வேலையின்ர பேரும் இருக்கும். அதுக்கு வெளியால போற எதையும், இரவில கட்டிலில படுத்துக்கொண்டு செய்தாலும், செய்ய ஏலாது.

போன ஞாயிறு நான் செய்த ஒரு அஞ்சலியை, வேலை முடிஞ்சு குடுத்து இரண்டு கிழமைக்குப் பிறகு, அண்ணாவுக்குக் காட்டினன். கனநேரம் பெரிசாக்கிப் பார்த்தார். "விளக்கின்ர வெளிச்சம் முகத்தில படேல்லை. அடுத்ததில பார்" எண்டார்.