கீழிருந்து எழுதப்படும் அட்டவணை

சந்திரகிரிக் கோட்டையிலிருந்து சிறிது தொலைவில், திருப்பதிக்கு மேற்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டரில் ஸ்ரீநிவாசமங்காபுரம் உள்ளது. அங்குள்ள கல்யாண வேங்கடேஸ்வரர் கோயிலில் ஆண்டுதோறும் மாசியை ஒட்டி ஒன்பது நாள் பிரம்மோற்சவம் நடைபெறுகிறது. வேலூர், காஞ்சிபுரம் பக்கத்திலிருந்து வரும் தமிழ் அடியார்களுக்கு அவ்விழாவின் நிகழ்ச்சி நிரலைத் தமிழில் சுவரொட்டியாக்குவது, பார்வைக்குத் தோன்றுவதுபோல் எளிய மொழிபெயர்ப்பு வேலை அன்று. தெலுங்கு அட்டவணையின் ஒவ்வொரு கட்டத்தையும் எடுத்து எதிரே தமிழ்ச் சொல்லை எழுதிவிட்டால் முடிந்துவிடும் என்று எண்ணுபவர், முதல் வரிசையிலேயே தடுமாறுவார். அங்கே தேதி இருக்கிறது.

கோயில் சுவரொட்டி காலத்தை இரண்டு விதமாகச் சொல்கிறது. மேற்பகுதியில் ஒரே நீண்ட வாக்கியம்: நிகழும் மங்களகரமான இன்ன வருடம், இன்ன மாதம், இன்ன தேதி, இன்ன திதியும் இன்ன நட்சத்திரமும் கூடிய சுபதினத்தில் என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசியில்தான் வினைமுற்றைத் தொடும். கீழ்ப்பகுதியில் அட்டவணை, அதில் வினையே இல்லை. ‘கொடியேற்றம்’, ‘புறப்பாடு’, ‘தீர்த்தவாரி’ எனத் தொழிற்பெயர்கள் மட்டும் கட்டங்களுக்குள் அமர்ந்திருக்கும். மேலுள்ள வாக்கியம் பஞ்சாங்கத்தின் காலம். கீழே உள்ளது பேருந்து நேரத்தின் காலம். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்படாமல் ஒரே தாளில் நிற்க வேண்டும்.

இந்த அட்டவணையைப் படிப்பவர் மேலிருந்து கீழே படிக்கிறார். தயாரிப்பவரோ கீழிருந்து மேலே எழுத வேண்டியவர். விழாவின் நங்கூரம் முதல் நாள் அன்று, கடைசி நாள். தெலுங்கர் மாக மாதத்தின் தேய்பிறையில் திருவோணம் கூடும் நாளில் தீர்த்தவாரி. அதிலிருந்து பின்னோக்கி ஒன்பது நாள் எண்ணினால் கொடியேற்றம். அதற்கு முந்தைய மாலை அங்குரார்ப்பணம். அண்மை ஆண்டுகளின் நாட்களை அடுக்கிப் பார்த்தால் இது புலப்படும். 2023இல் விழா பிப்ரவரி 11 முதல் 19 வரை. 2024இல் பிப்ரவரி 29 முதல் மார்ச் 8 வரை. 2025இல் பிப்ரவரி 18 முதல் 26 வரை. மூன்று ஆண்டுகளிலும் இறுதி நாள் திருவோணம். பின்னிரண்டு ஆண்டுகளில் அதே நாள் மகாசிவராத்திரியும் கூட. திருப்பதியின் மறுபக்கம் கபில தீர்த்தத்தில் சிவனடியார் கூட்டம் நிற்கும்போது இங்கே சக்கரத்தாழ்வாருக்குத் தீர்த்தவாரி.

இனித் தமிழ்த் தேதியைக் கவனிக்கலாம். தெலுங்கு மாதம் சந்திரனைப் பின்பற்றுவது; தமிழ் மாதம் சூரியன் ராசி மாறுவதைப் பின்பற்றுவது. ஆகவே தெலுங்கில் மூன்று ஆண்டுகளும் ஒரே மாகத் தேய்பிறையாக இருக்கும் விழா, தமிழில் ஆண்டுக்கு ஓரிடத்தில் விழுகிறது. கொடியேற்றம் 2024இல் மாசி 17. 2025இல் மாசி 6. 2023இல் அது மாசியே அன்று, தை 28. அவ்வாண்டு முதலிரண்டு நாட்கள் தை 28, 29. மூன்றாம் நாள்தான் மாசி 1. தீர்த்தவாரி மாசி 7. தலைப்பில் ‘மாசி பிரம்மோற்சவம்’ என்று பெரிய எழுத்தில் இட்டு, முதல் வரிசையில் ‘தை 28’ என்று அச்சிட்டிருந்தால் மெய்ப்புத் திருத்துபவரின் பேனா உடனே அதை நோக்கித்தான் போகும். அங்கே பேனா சும்மா இருந்தால் சுவரொட்டி சரியாக இருக்கும். ‘தை’யை ‘மாசி’ என்று திருத்தினால் இல்லாத நாள் ஒன்று பிறந்துவிடும். அந்த ஆண்டில் மாசி 28 என்பது மார்ச் மாதத்து நாள்.

ஆண்டுப் பெயரிலும் இதுபோன்ற ஒரு பள்ளம் உண்டு. 2023 பிப்ரவரி, சுபகிருது ஆண்டு. 2024 பிப்ரவரி, சோபகிருது ஆண்டு. அடுத்தடுத்து வரும் இரு ஆண்டுகளின் பெயர்களும் முதலெழுத்தில் மட்டுமே வேறுபடுகின்றன. சென்ற ஆண்டுக் கோப்பைத் திறந்து எண்களை மட்டும் மாற்றும் பழக்கமுள்ள அச்சகத்தில் ‘சு’ அப்படியே தங்கிவிடுவதற்கு எல்லா வாய்ப்பும் இருக்கிறது. திருப்பதி கோதண்டராமர் கோயிலில் நிலைமை இன்னும் விந்தையானது. 2025இல் அங்கு பிரம்மோற்சவம் மார்ச் 27இல் தொடங்கி ஏப்ரல் 4இல் நிறைந்தது. இடையில் மார்ச் 30 யுகாதி. எனவே தெலுங்குக் கணக்கில் விழா குரோதி ஆண்டில் தொடங்கி விசுவாவசு ஆண்டில் முடிகிறது. மாதமும் பால்குனத்திலிருந்து சைத்திரமாகிறது. தமிழ்க் கணக்கில் ஒன்பது நாளும் குரோதி ஆண்டுப் பங்குனி, 13 முதல் 21 வரை. தெலுங்கு வாக்கியத்தை நேராகப் பெயர்த்தவர், தமிழ்ப் புத்தாண்டுக்கு இரண்டு வாரம் முன்பே புத்தாண்டைக் கொண்டுவந்துவிடுவார்.

பழைய கோப்பிலிருந்து எடுத்துக்கொள்ளக் கூடாத இன்னொரு கட்டம், கொடியேற்ற நேரம். வாகனப் புறப்பாடுகள் ஆண்டுதோறும் காலை எட்டு மணியளவிலும் இரவு ஏழு மணியளவிலும் அமைவதால் அவற்றை அப்படியே விட்டுவிடலாம். கொடி மட்டும் லக்னத்துக்குக் கட்டுப்பட்டது. ஒரு லக்னம் ஒவ்வொரு நாளும் ஏறத்தாழ நான்கு நிமிடம் முன்னதாக உதிக்கும். மீன லக்னம் என்று கொண்டால், 2023 பிப்ரவரி 11இல் அது தொடங்கிய மணிக்கும் 2024 பிப்ரவரி 29இல் தொடங்கிய மணிக்கும் இடையே பதினெட்டு நாள் வித்தியாசம். அதாவது 72 நிமிடம். முந்தைய ஆண்டின் நேரத்தை நம்பிக் கிளம்பியவர் வந்து சேர்கையில் கொடி ஏறியிருக்கும்.

ஆனால் அடியாரை உண்மையில் அலையவைப்பது இவற்றைவிடச் சிறிய விஷயம், வரிசை எண். இவ்விழாவின் சிகரம் ஐந்தாம் நாள் இரவுக் கருட வாகனம். பலரும் அந்த ஓர் இரவுக்காகவே வருகிறார்கள். அட்டவணையோ அங்குரார்ப்பணத்தை முதல் வரிசையாகக் கொண்டு தொடங்குகிறது. 2025ஐ எடுத்துக்கொண்டால் முதல் வரிசை பிப்ரவரி 17, திங்கள், அங்குரார்ப்பணம். இரண்டாம் வரிசை 18, செவ்வாய், கொடியேற்றமும் பெரிய சேஷ வாகனமும். மூன்றாவது 19, சிறிய சேஷமும் அன்னமும். நான்காவது 20, சிம்மமும் முத்துப்பந்தலும். ஐந்தாவது 21, வெள்ளி, கற்பக விருட்சமும் சர்வபூபாலமும். கருடன் ஆறாவது வரிசையில், 22, சனிக்கிழமை. ‘ஐந்தாம் நாள் கருடன்’ என்று செவிவழி கேட்டு வந்த முதியவர் ஒருவர் விரலால் ஐந்து வரிசை எண்ணினால் வெள்ளிக்கிழமையில் நிற்பார். வரிசைக்கு எண் இடுவதானால் அங்குரார்ப்பணத்துக்கு எண் இல்லாமல் விட்டு, கொடியேற்றத்திலிருந்து ஒன்று எனத் தொடங்க வேண்டும். பலர் செய்வதுபோல் ‘வ. எண்’ என்று ஒரு பத்தியைச் சேர்ப்பது உதவியன்று, கேடு.

சொற்களுக்கு வந்தால் சந்திரகிரியின் வரலாறு குறுக்கிடுகிறது. 1911இல் சித்தூர் மாவட்டம் உருவாகும்வரை இவ்வட்டம் வடஆர்க்காட்டைச் சேர்ந்தது. இரு மொழியும் புழங்கிய ஊர். கோயில் வழக்கிலோ தமிழ்ச் சொற்கள் தெலுங்குக்குள்ளேயே குடியிருக்கின்றன. விழாவுக்கு முன் நடக்கும் தூய்மைச் சடங்கு தெலுங்கு அறிக்கையிலும் ‘கோயில் ஆழ்வார் திருமஞ்சனம்’தான். ஆகவே பெயர்ப்பவர் இரண்டு வகைச் சொற்களைப் பிரித்தறிய வேண்டும். ‘பெத்தசேஷ’, ‘முத்யபு பந்திரி’ ஆகியவை தெலுங்கு. அவை ‘பெரிய சேஷ’, ‘முத்துப்பந்தல்’ ஆக வேண்டியவை. ‘திருமஞ்சனம்’ வீடு திரும்பும் சொல். அதைத் தொடத் தேவையில்லை.

இவ்விரண்டிலும் அடங்காமல் வம்பு செய்யும் சொல் ஒன்று உண்டு: ‘திருச்சி’. திருப்பதிக் கோயில்களில் உற்சவமூர்த்தி எழுந்தருளும் சிறு பல்லக்குக்கு அந்தப் பெயர். ‘திருச்சிவிகை’யின் குறுக்கமாக அதைக் கொள்வது பொருந்தும். தெலுங்குப் படிப்பவருக்கு அதில் குழப்பமில்லை. தமிழ்ச் சுவரொட்டியில் ‘மாலை: திருச்சி உற்சவம்’ என்று வந்தால், படிப்பவர் மனத்தில் காவிரிக்கரை ஊர்தான் எழும். தமிழிலிருந்து போன சொல், தமிழுக்குத் திரும்பும்போது மட்டும் மொழிபெயர்ப்பு வேண்டி நிற்கிறது. ‘பல்லக்கு’ என்று எழுதிவிடுவதே நல்லது.

எழுத்தின் அளவு கடைசியில் வந்தாலும் முதலில் தீர்மானிக்க வேண்டியது. வழக்கமான சுவரொட்டியில் பாதித் தாளைத் தெய்வப் படமும் கோயில் பெயரும் எடுத்துக்கொள்ள, அட்டவணை நூல் எழுத்தளவுக்குச் சுருங்கிவிடுகிறது. கோயில் பெயரைச் சுவரொட்டி பார்த்துத் தெரிந்துகொள்வோர் குறைவு. நாளையும் வேளையையும் தேடித்தான் அதன் முன் நிற்கிறார்கள். 20 அங்குலத்துக்கு 30 அங்குலத் தாள் என்றால் உயரம் ஏறத்தாழ 75 சென்டிமீட்டர். மூன்று மீட்டர் தள்ளி நிற்பவருக்கு எழுத்தின் உடல் ஒன்றரை சென்டிமீட்டராவது இருக்க வேண்டும். கணினி காட்டும் புள்ளி அளவு இங்கே ஏமாற்றும். ‘வி’யின் மேல்வளைவும் ‘மு’வின் கீழ்ச்சுழியும் அந்த அளவுக்குள் அடங்குவதால் ‘வ’வின் உடல் எதிர்பார்த்ததைவிடச் சிறுத்துவிடும். அளவுகோலை ‘வ’வின்மேல் வைத்தே பார்க்க வேண்டும். வரிசைக்கு மூன்று சென்டிமீட்டர் வீதம், தலைப்பு வரிசையையும் சேர்த்துப் பதினொரு வரிசைக்கு 33 சென்டிமீட்டர். தாளில் பாதிக்கும் குறைவே.

நெருக்கடி அகலத்தில்தான். 50 சென்டிமீட்டர் அகலத்தில் தேதி, கிழமை, காலை, இரவு எல்லாம் அடங்க வேண்டும். ‘சர்வபூபால வாகனம்’ அடங்காது. அச்சகத்தில் உடனே எழுத்தைப் பக்கவாட்டில் நசுக்குவார்கள். நசுக்கிய எழுத்தில் நெடுக்குக் கோடு மெலிந்து கிடைக்கோடு தடித்துப்போகும். ‘சே’யின் கொம்பிலுள்ள சுழி அடைபட்டுச் ‘செ’யாகத் தெரியும். அதன்மேல் வெளிக்கோடும் நிழலும் போட்டால் புள்ளி கரைந்துவிடும். ‘முத்துப்பந்தல்’ என்ற ஒரு சொல்லில் மட்டும் நான்கு புள்ளிகள். நசுக்குவதற்குப் பதில், ‘வாகனம்’ என்ற சொல்லைப் பத்தியின் தலைப்பில் ஒரு முறை வைத்துக்கொண்டு கட்டங்களில் ‘அன்னம்’, ‘சிம்மம்’, ‘கருடன்’, ‘அனுமன்’, ‘யானை’, ‘குதிரை’ என்று மட்டும் எழுதினால் மிகுந்த இடம் கிடைக்கிறது. தேரும் கொடியேற்றமும் வாகனம் அல்லவே என்று கேட்கலாம். கேள்வி சரிதான்; அந்த இரண்டு கட்டங்களுக்கு வேறு மை நிறம் கொடுத்துவிட்டால் போதும்.