சேமிப்பு நோட்டில் வட்டிக்கு தனிப் பக்கம்

மகள் படிப்புக்கு காசு சேர்த்த நோட்டைப் பற்றி நம்ம தொண்டர் குழுவுல சில தம்பிமார் கேட்டிருந்தீங்க. கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்குங்க.

555 நோட்டு இதுக்கு பத்தாது. அது கடைக் கடன் எழுதத்தான் சரி. கோடு போட்ட பள்ளிக்கூட நோட்டு ஒண்ணு போதும்.

மகள் 2024-ல எஸ்பிஎம். காலேஜ் சேரும்போது பதிவுக் கட்டணம், ஹாஸ்டல் டெபாசிட், லேப்டாப் என்று 7,200 வெள்ளி வேணும் என்று கணக்குப் போட்டோம். 2023 ஜனவரியில் இருந்து 24 மாசம், மாசம் 300. இதுக்கென்றே தனி பேங்க் கணக்கு.

எங்க ஃபேக்டரி லைன்ல ஒரு போர்டு இருக்கும். எத்தனை செய்யணும், எத்தனை செஞ்சோம், மெஷின் நின்னா ஏன் நின்னது. நோட்டும் அதே மாதிரிதான். மாசம், போட வேண்டியது, போட்டது, இதுவரை போட்ட மொத்தம், இதுவரை உள்ள குறை, கடைசியில் காரணம். போட வேண்டியதை மட்டும் முதல் நாளே வருஷம் முழுக்க பேனாவில் எழுதிடணும். பிறகு அதை அழிக்கக் கூடாது.

போடாத மாசத்தை காலியா விடக் கூடாது. காலியா இருந்தா எழுத மறந்ததா, காசு போடலையா என்று நாலு மாசம் கழிச்சு தெரியாது. பெரிய 0 போட்டு, பக்கத்தில் காரணம் எழுதணும். 2023-ல எனக்கு மார்ச் 0, பள்ளி திறப்பு. ஜூலை 0, கார் கியர்பாக்ஸ். நவம்பர் 150 மட்டும், தீபாவளி. மத்த ஒன்பது மாசமும் 300. ஆக 3,600 போட வேண்டிய இடத்தில் போட்டது 2,850. குறை 750.

இப்போ வட்டி. அது நோட்டின் கடைசிப் பக்கம். அந்த வருஷம் ஜூன்ல 4.10, டிசம்பர்ல 10.90, மொத்தம் 15 வெள்ளி. "என்னங்க, இந்த பதினைஞ்சு வெள்ளிக்கு ஒரு பக்கமா?" என்று வீட்டுக்காரம்மா சிரிச்சாங்க. தொகை சின்னதுதான். ஆனா 'போட்டது' என்ற வரிசையில் என் கையால போட்ட காசு மட்டும்தான் இருக்கணும். வட்டியும் அதுல கலந்தா நான் எவ்வளவு போட்டேன் என்பது தெரியாம போயிடும். ஃபிக்ஸ்ட் டெபாசிட் வச்சிருக்கிறவங்களுக்கு வட்டி ஒரே மாசத்தில் மொத்தமா வரும். அந்த மாசம் ஒரு காசு போடாட்டியும் போட்ட மாதிரி தெரியும்.

தனியா எழுதினா இன்னொரு வசதி, பேங்க் புக்கோட சரிபார்க்கலாம். போட்ட மொத்தம் 2,850, கூட்டு வட்டி 15, ஆக 2,865. பேங்க் புக்கில் இருந்தது 2,857. எட்டு வெள்ளி எங்கே? தேடிப் பார்த்தா ஏடிஎம் கார்டு வருஷக் கட்டணம். அதையும் வட்டிப் பக்கத்திலேயே, கழித்தல் போட்டு எழுதிக்கிட்டேன். எல்லாம் கலந்து எழுதியிருந்தா இந்த எட்டு வெள்ளி கண்ணில் பட்டிருக்காது.

இரண்டாவது வருஷத்துக்கு பாக்கி 4,350. பன்னிரண்டால் வகுத்தா மாசம் 362.50. ஆனா காரணம் எழுதின வரிசையைப் பார்த்தா, பள்ளி திறப்பும் தீபாவளியும் கியர்பாக்ஸ் மாதிரி இல்லை. தவறாம வரும். 2024-ல பள்ளி திறப்பு மறுபடியும் மார்ச், தீபாவளி அக்டோபர் 31. அதனால அந்த இரண்டு மாசத்துக்கும் போட வேண்டியதிலேயே 0 எழுதிட்டேன். மீதி பத்து மாசம், மாசம் 435. "மாசம் நானூத்தி முப்பத்தைஞ்சு நம்மால முடியுமா?" என்று வீட்டுக்காரம்மா பயந்தாங்க. ஓவர்டைம் இருக்கிற வரைக்கும் முடியும் என்றேன். விட்ட காசை அடுத்த மாசமே சேர்த்துக் கட்டலாம் என்று சிலர் சொல்வாங்க. எங்க சம்பளத்தில் ஒரே மாசத்தில் அறுநூறு எடுத்தா அதுக்கு அடுத்த மாசமும் 0 விழும். பிரிச்சுப் போடுறதுதான் நமக்கு சரி.

ஆகஸ்ட்ல ஓவர்டைம் வெட்டிட்டாங்க. அந்த மாசம் 235. மத்தது எல்லாம் எழுதினபடி போட்டாச்சு. டிசம்பர் முடிவில் என் கையால போட்டது சரியா 7,000. இரண்டு வருஷ வட்டி 61.20, கார்டு கட்டணம் 16 கழிச்சா பேங்க் புக்கில் 7,045.20. அதுவும் நோட்டும் காசு பிசகாம ஒத்துப் போச்சு.

இலக்குக்கு குறை 154.80. ஜனவரி சம்பளத்தில் 155 போட்டு, 'போட்டது' வரிசையில் எழுதி, கீழே இரட்டைக் கோடு போட்டேன். அடுத்து தம்பிக்கு மோட்டார் லைசென்ஸ் எடுக்கணுமாம். அதே நோட்டில் புதுப் பக்கம் ஆரம்பிச்சாச்சு.