கொடியில் தொங்கிய பூதம்

மகளுக்கு மூன்று வயது முடிந்த மாதத்தில் எங்கள் படுக்கையறைக்குள் ஒரு பூதம் வந்தது. விளக்கை அணைத்ததும் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, "அம்மா, அது பாக்குது" என்பாள். "அங்க ஒண்ணுமில்ல, தூங்கு" என்பேன், என் அம்மா என்னிடம் சொன்ன அதே குரலில். அழுகை கூடியது.

நான்காம் இரவு, விடைத்தாள் திருத்திய களைப்பில், "பூச்சாண்டிகிட்ட புடிச்சுக் குடுத்துடுவேன்" என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. நான் சோறு உண்டு வளர்ந்ததும், இருட்டியபின் வாசற்படி தாண்டாமல் இருந்ததும் அந்தச் சொல்லுக்குப் பயந்துதான். விழுங்கிக்கொண்டு, "எங்க இருக்கு?" என்று கேட்டேன்.

கொடியைக் காட்டினாள். "கை இருக்கு, மூஞ்சி இல்ல." என் பருத்திப் புடவை. தெருவிளக்கின் வெளிச்சம் ஜன்னல் வழி விழ, மின்விசிறிக் காற்றில் அசைந்துகொண்டிருந்தது. பகலில் துடைப்பக்குச்சியைக் குதிரையாக்கி ஓட்டுகிற அதே மனம்தான் இரவில் புடவையைப் பூதமாக்கியது. மூன்று வயதில் கற்பனை வேகமாக வளர்கிறது. கற்பனை எது, நிஜம் எது என்று பிரிக்கும் திறன் பின்தங்கியே வருகிறது. இருட்டில், தூக்கக் கலக்கத்தில் இன்னும் பின்தங்கும்.

டார்ச்சை அவள் கையில் கொடுத்தேன். அடித்தாள், புடவை. அணைத்தாள், பூதம். பத்துத் தடவையாவது செய்திருப்பாள். "நான்தான் சொன்னேனே" என்று நான் சொல்லவில்லை. மாமியார் துடைப்பத்தால் அடித்து விரட்டலாம் என்றார். அன்பில் சொன்னதுதான். ஆனால் விரட்டினால் பூதம் இருப்பதாக நாமே ஒப்புக்கொண்டதாகிவிடும். விரட்டியது திரும்பியும் வரலாம். "உனக்கு பயமா இருக்குன்னு எனக்குத் தெரியுது. பூதம் கதையில வரும், வீட்டுக்குள்ள வராது. நான் பக்கத்துல இருக்கேன்." இதையே ஒவ்வோர் இரவும் அதே சொற்களில் சொன்னேன். பகலில் பூதத்தை வரையச் சொன்னேன். அதற்கு மூஞ்சி வரைந்து பொட்டும் வைத்தாள். மூன்று வாரத்தில் பயம் தணிந்தது.

இடையே ஒரு நாள், தூங்கி ஒரு மணி நேரத்தில் கண் திறந்தபடி வீறிட்டாள். என்னையே அடையாளம் தெரியவில்லை. அது வேறு. கெட்ட கனவு பெரும்பாலும் விடியலை ஒட்டி வரும். குழந்தை விழித்து, கண்டதைச் சொல்லும். முன்னிரவில் வரும் இந்த அலறல் ஆழ்ந்த தூக்கத்தின் நடுவே வருவது. உலுக்கி எழுப்பக் கூடாது, விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். காலையில் அவளுக்கு எதுவும் நினைவில்லை. அடிக்கடி வந்தாலோ, பயம் பகல் விளையாட்டையும் பிடித்துக்கொண்டாலோ மருத்துவரிடம் போயிருப்பேன்.

ஒன்பது வயதில், வீட்டுக்கு வந்துபோகும் ஒருவரைப் பார்த்தால் பயமாக இருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். "ஒண்ணுமில்ல" என்றாள். அதற்குப் பிறகு நான் எதையும் சொல்லவில்லை. என் மகள் ஒருநாள் அப்படி ஒன்றைச் சொல்ல நேர்ந்தால், "எங்க இருக்கு?" என்று கேட்ட அம்மாவிடம்தான் வருவாள்.