மிச்சம் இருந்த ஒன்பது கெப்சூல்

எங்கள் லயத்து வீட்டில் சாமிப்படத்துக்குப் பின்னால் ஒரு பிஸ்கட் டின் இருக்கும். மிச்சமான மருந்தெல்லாம் அதற்குள்தான். அதில் நான் போட்டுவைத்த ஒன்பது அமொக்சிசிலின் கெப்சூலைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

கெம்பஸ் லீவில் நோர்வூட்டுக்கு வந்திருந்தபோது எனக்குத் தொண்டையில் சீழ் வைத்துக் காய்ச்சல். நாளுக்கு மூன்றாக ஏழு நாளைக்கு 21 கெப்சூல் தந்தார்கள். நாலாம் நாள் சோறு விழுங்க முடிந்தது, நிறுத்திவிட்டேன்.

ரெண்டு மாசம் கழித்துத் தங்கச்சிக்கு ஒண்ணுக்குப் போகும்போது எரிச்சல், காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனால் அம்மாவுக்கு ஒருநாள் பேர் போய்விடும். “அக்காவுக்குக் கேட்ட மருந்துதானே, போடு” என்றார் அம்மா. நானும்தான் எடுத்துக் கொடுத்தேன். பனடோலும் சேர்த்துப் போட்டதில் காய்ச்சல் இறங்கியது. மூன்று நாளில் ஒன்பதும் முடிந்தது. அன்றிரவே குளிர்நடுக்கம், முதுகின் பக்கவாட்டில் வலி, வாந்தி.

மறுநாள் டொக்டர் முதலில் கேட்டது, “ஏதாவது மருந்து போட்டீங்களா?” பயத்தில் இல்லை என்றோம். சிறுநீரைக் கல்ச்சருக்கு அனுப்பினார்கள். இரண்டு நாளில் ‘கிருமி வளரவில்லை’ என்று வந்தது. ஆனால் காய்ச்சல் விடவில்லை. டொக்டர் திரும்பக் கேட்டபோதுதான் உண்மையைச் சொன்னோம்.

அவர் கோபப்படாமல் விளக்கினார். தொண்டையில் சீழ் வைக்கும் ஸ்ட்ரெப்டோகொக்கஸ் கிருமி பென்சிலின் வகைக்கு அடங்கும். சிறுநீரில் தொற்றுவது பெரும்பாலும் ஈ. கோலி. அதில் பல, அமொக்சிசிலினை உடைக்கும் நொதியைத் தாமே சுரக்கும். மருந்து அவற்றை அமுக்கிவைக்கலாம், முழுசாக அழிக்காது. அதற்குள் தொற்று சிறுநீரகம் வரை ஏறியிருந்தது. சிறுநீரில் கலந்திருந்த மருந்து, தட்டில் கிருமியை வளரவும் விடவில்லை. கிருமி வளர்ந்தால்தானே எந்த மருந்துக்கு அது சாகும் என்று பார்க்கலாம்? அது தெரியாததால் பல கிருமிக்கும் கேட்கிற ஊசியை அனுமானத்தில்தான் தொடங்கினார்கள். நல்லவேளை, கேட்டது.

பிறகு வாசித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்சாண்டர் ஃப்ளெமிங் 1945 நோபல் உரையில் ஒரு கற்பனைக் குடும்பத்தைச் சொல்கிறார். கணவன் தொண்டைநோவுக்குத் தானாகவே கொஞ்சம் பென்சிலின் போடுகிறான். கிருமி சாகவில்லை, மருந்துக்குப் பழகிக்கொள்கிறது. அது மனைவிக்குத் தொற்றியபோது அதே மருந்து கேட்கவில்லை, அவள் இறந்துபோகிறாள். எங்கள் கதை அப்படியே அது இல்லை, என் கிருமி தங்கச்சிக்குத் தொற்றவில்லை. ஆனாலும் அந்த வீட்டிலும் மருந்து எடுத்துப் போட்ட கை வீட்டுக்காரருடையதுதான்.

இப்போது அந்த டின்னில் பனடோலும் ஜீவனியும் மட்டும் இருக்கின்றன. அன்டிபயோட்டிக் தந்தால் எத்தனை நாளைக்கு என்று கேட்டு, அத்தனை நாளும் போட்டு முடிக்கிறோம். ஒத்துக்கொள்ளாவிட்டால் தந்த இடத்திலேயே போய்ச் சொல்கிறோம். தெரியாமல் ஏதாவது போட்டுவிட்டாலும், டொக்டர் கேட்கும்போது மறைக்காதீர்கள். வெறும் உறையையாவது கொண்டுபோய்க் காட்டுங்கள். அன்று நாங்கள் முதல் கேள்விக்கே உண்மையைச் சொல்லியிருந்தால், தங்கச்சி அந்த இரண்டு நாளும் நடுங்கிக்கொண்டு கிடந்திருக்க மாட்டாள்.