காலை அறிக்கையின் முதல் வரி

விடியற்காலையில் டேட்டாபேஸ் நிர்வாகிகளின் திரையில் முதலில் கண்ணில் படுவது பச்சை நிறம்தான். இரவு ஓடிய பேக்கப் வேலைகள் வரிசையாக நிற்கும். ஒவ்வொன்றின் எதிரிலும் SUCCESS என்று எழுதியிருக்கும். ஆனால் இந்த வேலையில் ஊறியவர்கள் அந்தப் பத்தியில் அதிக நேரம் நிற்பதில்லை என்பதைக் கவனித்தேன். அவர்கள் கண் நேராகப் போவது பக்கத்தில் உள்ள இரண்டு எண்களுக்கு: ஃபைல் எவ்வளவு பெரிது, வேலை எவ்வளவு நேரம் ஓடியது. நேற்று நாற்பது நிமிடம் ஓடியது இன்று நான்கு நிமிடத்தில் முடிந்திருந்தால், பச்சையாக இருந்தாலும் கை லாகைத் திறந்துவிடும். அந்தச் சந்தேகம் நியாயமானது. வினோதம் என்னவென்றால், அதே ஆட்கள் சிறிது நேரம் கழித்து எழுதும் காலை அறிக்கை “எல்லா பேக்கப்பும் வெற்றி” என்றே தொடங்குகிறது. தாங்களே நம்பாத ஒரு சாட்சியை மேலதிகாரிக்கு முதல் சாட்சியாக அனுப்புகிறார்கள். அறிக்கை பேக்கப்பைப் பற்றி அல்ல, ரீஸ்டோரைப் பற்றிப் பேச வேண்டும் என்பது என் வாதம்.

பச்சை எப்படிப் பொய் சொல்லும் என்பதற்குத் தூரம் போக வேண்டாம். போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸ் வைத்திருக்கும் எத்தனையோ சிறு நிறுவனங்களின் இரவு ஸ்கிரிப்டில் இந்த ஒரு வரிதான் இருக்கும்:

```
pg_dump billing | gzip > billing.sql.gz
```

இடது பக்கம் டேட்டாவை எடுத்துத் தருகிறது, வலது பக்கம் அதைச் சுருக்கிச் சேமிக்கிறது. இப்படி இரண்டு நிரல்களைக் கோத்தால், வேலை வென்றதா தோற்றதா என்பதற்கு ஷெல் கடைசி நிரலின் பதிலைத்தான் எடுத்துக்கொள்ளும். பாஸ்வேர்ட் மாறிப்போய் pg_dump உள்ளேயே நுழையவில்லை என்று வையுங்கள். அது பிழையைச் சொல்லிவிட்டு விலகிக்கொள்ளும். gzip-க்கு அதைப் பற்றிக் கவலை இல்லை. வந்தது ஒன்றுமில்லை, அந்த ஒன்றுமில்லாததை ஒழுங்காகச் சுருக்கி 20 பைட் ஃபைலாக வைத்துவிட்டு, வெற்றி என்று சொல்லும். அந்த ஃபைலை gzip -t கொண்டு சோதித்தாலும் குறை காணாது, ஏனென்றால் சுருக்கப்பட்ட ஃபைல் என்ற அளவில் அதில் குறை இல்லை. ஸ்கிரிப்டின் தலையில் set -o pipefail என்று ஒரு வரி சேர்த்தால் இந்த ஓட்டை அடைபடும். ஆனால் அந்த ஓட்டை தெரிந்தவர்தான் அந்த வரியைச் சேர்ப்பார். தெரியாதவருக்கு அளவைப் பார்க்கும் பழக்கம் ஒன்றுதான் காவல்.

இது சின்னக் கடைகளின் சிக்கல் என்று ஒதுக்குபவர்களுக்கு 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் நடந்ததைச் சொல்ல வேண்டும். இரண்டாவது டேட்டாபேஸ் சர்வரில் அழிக்க வேண்டிய டேட்டாவை ஒரு பொறியாளர் இரவு நேரக் களைப்பில் முதன்மை சர்வரில் அழித்துவிட்டார். நிறுத்துவதற்குள் ஏறத்தாழ 300 ஜிபி போய் 4.5 ஜிபி மிஞ்சியது. பேக்கப் இருக்கிறதே என்று தேடப் போனால், தினமும் மேகச் சேமிப்புக்குப் போயிருக்க வேண்டிய இடம் காலி. டேட்டாபேஸ் 9.6 பதிப்பு, பேக்கப்பை ஓட்டிய சர்வரிலோ 9.2 பதிப்பு pg_dump வேலை செய்திருக்கிறது. எந்தப் பதிப்பு வேண்டும் என்பதை டேட்டா கோப்புறையிலுள்ள ஒரு சிறு ஃபைலைப் பார்த்து முடிவு செய்யும் அமைப்பு அது. அந்த சர்வரில் அந்த ஃபைலே இல்லாததால் பழைய பதிப்புக்குப் போய்விட்டது. பதிப்பு பொருந்தாததால் pg_dump ஒவ்வொரு முறையும் பிழை சொல்லி நின்றிருக்கிறது. பிழை மெயில்களும் கிளம்பத்தான் செய்தன; ஆனால் அனுப்புநரை உறுதிசெய்யும் கையொப்பம் இல்லாததால் பெறும் சர்வர் அவற்றைத் தள்ளிவிட்டது. மேகத்தின் டிஸ்க் நகல் வசதியோ டேட்டாபேஸ் சர்வர்களுக்குப் போடப்படவே இல்லை. கடைசியில் கைகொடுத்தது, வேறொரு சோதனைக்காக ஒருவர் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்து வைத்திருந்த டிஸ்க் நகல். அதைத் திரும்பக் கொண்டுவர ஏறத்தாழ 18 மணி நேரம் ஆனது.

இந்தக் கதையில் என்னை உறுத்துவது தவறான சர்வரில் விழுந்த கட்டளை அல்ல. அப்படி யார் கையும் தவறும். மெயில் வராததை எல்லோரும் நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டதுதான் உறுத்துகிறது. தோல்வி நடந்தால் மட்டும் பேசும் ஏற்பாட்டில், மௌனத்துக்கு இரண்டு பொருள் உண்டு: எல்லாம் சரி, அல்லது சொல்ல வேண்டியதே செத்துவிட்டது. காலை அறிக்கை தினமும், நல்ல நாளிலும், வந்தே தீர வேண்டும் என்று பழைய ஆட்கள் பிடிவாதம் பிடிப்பதன் காரணம் இதுதான். ஏழு மணிக்கு வர வேண்டியது ஏழரைக்கும் வரவில்லை என்றால் அதுவே ஒரு எச்சரிக்கை. (சென்னையில் உட்கார்ந்து நியூயார்க் சர்வர்களைக் கவனிப்பவர்களுக்கு அந்தக் காலை ஏழு மணி இங்கே மாலை நாலரை அல்லது ஐந்தரை. அறிக்கையில் எந்த ஊர் நேரம் என்று எழுதாதவர்கள் ஆண்டுக்கு இரண்டு முறை வாங்கிக் கட்டிக்கொள்கிறார்கள்.)

சரி, ஃபைல் முழுதாக இருக்கிறதா என்று சரிபார்க்கக் கருவிகள் இருக்கின்றனவே, ரீஸ்டோர் எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஃபைலின் கடைசிச் சில வரிகளைப் பார்க்கலாம். எழுத்து வடிவ டம்ப் முழுமையாக முடிந்திருந்தால் இறுதியில் PostgreSQL database dump complete என்ற குறிப்பு இருக்கும். பாதியில் அறுந்ததைப் பிடிக்க இது நல்ல, செலவில்லாத சோதனை. pg_restore --list உள்ளே என்னென்ன அட்டவணைகள் இருக்கின்றன என்று சொல்லும். ஆனால் அது படிப்பது பொருளடக்கத்தை மட்டும், உள்ளே இருக்கும் வரிசைகளை அல்ல. மைக்ரோசாஃப்ட் எஸ்க்யூஎல் சர்வரின் RESTORE VERIFYONLY ஃபைல் முழுமையானதா, படிக்கக்கூடியதா என்று பார்க்கும். உள்ளிருக்கும் டேட்டாவின் கட்டமைப்பு சரியா என்று பார்ப்பதில்லை. இவை எல்லாமே ஃபைலைப் பற்றிய கேள்விகள். நிறுவனத்துக்கு வேண்டியதோ வேறு கேள்விக்குப் பதில்: இன்றைக்கு சர்வர் போனால், எந்த நேரம் வரைக்குமான கணக்கு, எவ்வளவு நேரத்தில் கையில் வரும்?

அதற்குப் பதில் தரும் சோதனை சிக்கலானதும் அல்ல. பில்லிங் டேட்டாபேஸின் பேக்கப், இம்முறை pg_dump -Fc வடிவில், இரவு 1 மணிக்குத் தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். அது முடிந்ததும், அதே ஃபைலை வேறொரு சர்வரில், காலியான டேட்டாபேஸில் இறக்குகிறார்கள்:

```
createdb billing_test
pg_restore -j 4 -d billing_test billing.dump
psql -d billing_test -c "select count(*), max(created_at) from bills"
```

இரண்டாவது வரியில்தான் முதல் தடுக்கல் வரும். pg_restore பிழை கண்டால் நிற்காது. தாண்டிப் போய்க்கொண்டே இருந்து, கடைசியில் errors ignored on restore என்று ஒரு எண்ணோடு முடிக்கும். புது சர்வரில் அடிக்கடி வரும் பிழை, இன்ன பயனர் இல்லை என்பது. pg_dump ஒரு டேட்டாபேஸை மட்டும் எடுக்கிறது. பயனர் கணக்குகள் சர்வர் முழுவதற்கும் பொதுவானவை என்பதால் அதில் சேராது. அதற்கு pg_dumpall --globals-only தனியாக ஓட வேண்டும். ஆண்டுக்கணக்கில் பச்சை காட்டிய பேக்கப்பில் இந்த ஒரு துண்டு இல்லை என்பது, ரீஸ்டோர் செய்து பார்க்கும் முதல் நாளில்தான் தெரியவரும்.

மூன்றாவது வரி தரும் நேரம்தான் எனக்கு இந்த வேலையிலேயே மிக அழகாகத் தோன்றுவது. pg_dump, தான் தொடங்கிய கணத்தில் டேட்டாபேஸ் எப்படி இருந்ததோ அதையே கடைசிவரை எழுதுகிறது. ஓடிக்கொண்டிருக்கும்போது விழும் பில்கள் அதில் வராது. ஆகவே இரவெல்லாம் வியாபாரம் நடக்கும் நிறுவனத்தில் கடைசி பில்லின் நேரம் 1 மணிக்குச் சற்று முன்பாக இருக்க வேண்டும். 12:58 என்றால் நிம்மதி. மூன்று நாள் முந்தைய தேதி வந்தால்? ஃபைலின் அளவு சரி, ஓடிய நேரம் சரி, பிழை ஒன்றும் இல்லை. ஆனாலும் ஏதோ தப்பு. பெரும்பாலும் காரணம், முதன்மை சர்வருக்குப் பாரம் கொடுக்க வேண்டாம் என்று பேக்கப்பை அதன் நகல் சர்வரிலிருந்து எடுத்ததாக இருக்கும். நகலுக்கு வரும் ஓட்டம் மூன்று நாளைக்கு முன்பே நின்றிருக்கும். பழைய டேட்டாவை ஒரு குறையும் இல்லாமல் தினமும் பேக்கப் எடுத்திருப்பார்கள். அளவு, நேரம், பிழை என்ற மூன்று காவலையும் தாண்டிவிடும் இந்தக் கோளாறு, ஒரே ஒரு தேதியில் பிடிபடும்.

இதற்கு எதிராகச் சொல்லப்படுவதில் வலுவானது செலவு. ஐம்பது டேட்டாபேஸையும் தினமும் ரீஸ்டோர் செய்ய டிஸ்க் எங்கே, நேரம் எங்கே? எல்லாவற்றையும் தினமும் செய்ய வேண்டியதில்லை. பணம் புழங்கும் ஒன்றிரண்டைத் தினமும், மற்றவற்றை முறைவைத்து இரவுக்குச் சில என்று செய்யலாம். பல டெராபைட் ஓடும் இடங்களில் வாரத்துக்கு ஒருமுறைகூடக் கடினம்தான். அப்போது அறிக்கை அதை மறைக்காமல் “கடைசியாக ரீஸ்டோர் ஆனது 12 நாள் முன்பு” என்று எழுதட்டும். இன்னொரு வாதம், நகல் சர்வர் நொடிக்கு நொடி ஓடும்போது பேக்கப்பைப் பற்றி இவ்வளவு பதறுவானேன் என்பது. நகல் சர்வர், இயந்திரம் பழுதானால் காப்பாற்றும். ஒருவர் WHERE இல்லாமல் DELETE அடித்தால், அந்த அழிப்பும் நொடிக்கு நொடி அங்கே போய்ச் சேரும்.

ஆக, அறிக்கை எப்படி இருக்கலாம் என்றால், இவ்வளவு போதும்:

“பில்லிங்: இன்று 12:58 வரை மீட்க முடியும், மீட்க ஆன நேரம் 1 மணி 15 நிமிடம், பிழை 0. சரக்கு: பேக்கப் முடிந்தது, நேற்றைவிட 40% சிறியது, காரணம் பார்க்கப்படுகிறது, கடைசியாக ரீஸ்டோர் ஆனது ஞாயிறு. எல்லாம் சென்னை நேரம்.”

இதன் முதல் வரியைப் படிக்கும் மேலாளருக்கு டேட்டாபேஸ் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இரண்டாவது வரியில் உள்ள 40% ஒருவேளை யாரோ பழைய பதிவுகளைத் துப்புரவாக்கியதால் வந்திருக்கலாம். பதறத் தேவையில்லை, ஆனால் மத்தியானத்துக்குள் யாராவது பதில் எழுத வேண்டும். அந்த யாராவது யார் என்பதையும் வரியிலேயே பெயரோடு போட வேண்டும் என்பேன். சிலர் இதைப் பழி சுமத்துவதாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் மீட்புச் சோதனை ஏன் ஒழுங்காக நடக்கவில்லை என்று தன்னைத் தானே கேட்டுக்கொண்ட கிட்லேப், பின்னர் வெளியிட்ட தன் அறிக்கையில் கொடுத்த விடை, அது எவருடைய பொறுப்பிலும் இல்லை என்பதுதான்.